மேடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும் நிறங்கள்

புடவைக் கடையில் ஒரு நிறம் பிடித்துவிட்டால், அதை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். கடைக்குள் எரியும் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை போதும். பள்ளி ஆண்டு விழா நடனத்துக்குத் துணி எடுப்பவர்களுக்கு இதே சோதனை தப்பான விடையைத் தரும். அந்தத் துணி வெயிலைப் பார்க்கப் போவதில்லை. இருட்டிய பிறகு, அடர் நிறத் திரைக்கு முன்னால், நொடிக்கு நொடி நிறம் மாறும் விளக்குகளின் கீழே அதை உடுத்திக்கொண்டு குழந்தைகள் ஆடப் போகிறார்கள்.

"டிரஸ் பண்ணி அனுப்பும்போது அவ்வளவு அழகா இருந்துச்சு. மேடையில பார்த்தா எம் பொண்ணு எந்த வரிசையில நிக்கிறான்னே கண்டுபிடிக்க முடியல" என்று தாய்மார்கள் சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். துணியின் விலையோ தரமோ இதற்குக் காரணமில்லை. பெரும்பாலும் நிறத்துக்கும் விளக்குக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணம். எந்த நிறம் எந்த விளக்கில் நிற்கும், எது அணைந்துபோகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. துணி வாங்கும் முன்பே அதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

விளக்கு தருவதைத்தான் துணி திருப்பித் தரும்

வெயிலில் எல்லா நிற ஒளியும் கலந்திருக்கிறது. சிவப்புத் துணியின் சாயம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதே துணியின் மேல் நீல வெளிச்சம் மட்டும் விழுந்தால், திருப்பி அனுப்பச் சிவப்பே அங்கு இல்லை. வந்த நீலத்தையும் சாயம் விழுங்கிவிடும். துணி கறுப்பாகத் தெரியும்.

பரதநாட்டியம் ஆடும் குழந்தையின் விரல் நுனிகளில் இதை மிக நன்றாகக் காணலாம். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் சிவப்புச் சாயம் பூசுவது முத்திரைகள் தூரத்துக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. வெள்ளை வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு பளிச்சென்று எடுத்துக் காட்டும். இரவுக் காட்சிக்காக மேடை முழுவதையும் நீலமாக்கிவிட்டால், அதே நுனிகள் கறுத்துப் பின்னால் இருக்கும் திரையோடு கலந்துவிடும். பின்வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு விரல்கள் பாதியில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். முத்திரை அங்கேயே இருக்கும், அதைக் காட்ட வேண்டிய ஒளி இருக்காது. உதட்டுச் சாயமும் நெற்றிப் பொட்டும் இப்படியே கறுத்துப்போகும்.

பழைய விளக்கும் புதிய விளக்கும்

"மேடைன்னா அரக்கும் பச்சையும்தான் எடுக்கும்" என்று அனுபவமுள்ள நடன ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் பழகிய விளக்குக்கு அது முற்றிலும் சரி. தெருக்கூத்து தீவட்டியின் ஒளியிலும், கதகளி எண்ணெய் விளக்கின் ஒளியிலும் வளர்ந்தவை. தீச்சுடரின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் நிறைய உண்டு, நீலம் மிகவும் குறைவு. சிவப்பும் பொன்னிறமும் அந்த வெளிச்சத்தில் தாமாகவே ஜொலிக்கும். பிறகு வந்த இழை விளக்குகளும் ஹாலஜன் விளக்குகளும் அதே குணம் கொண்டவை. 1000 வாட் பார் விளக்கின் முன்னால் ஜெலட்டின் தாளைச் செருகி நிறம் மாற்றிய காலத்திலும், பல தாள்கள் தம் நிறத்தோடு மற்ற நிறங்களையும் ஓரளவு கசியவிட்டன. அதனால் சிவப்புத் துணி முழுவதுமாகச் செத்துப்போவது அபூர்வம்.

இன்று பள்ளி மேடைக்கு வாடகைக்கு வருபவை பெரும்பாலும் எல்.இ.டி. பார் விளக்குகள். அதன் முகப்பை உற்றுப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை மணிகள் தெரியும். சிலவற்றில் வெள்ளையும் சேர்ந்திருக்கும். நீலம் வேண்டுமென்றால் நீல மணிகள் மட்டும் எரியும். மற்ற இரண்டும் அணைந்தே கிடக்கும். ஜெலட்டின் தாளில் இருந்த கசிவு இதில் இல்லை. நிறம் தூய்மையாக இருப்பதால்தான் மேடை அவ்வளவு பளபளப்பாகத் தெரிகிறது. துணிகளின் நிறம் இவ்வளவு கடுமையாக மாறிப்போவதற்கும் அதே தூய்மைதான் காரணம். விளக்கு மாறிவிட்டது, துணி எடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

மூன்றில் இரண்டைத் தாங்கும் நிறங்கள்

விளக்கில் மூன்றே நிறங்கள் இருப்பதால் நம் கணக்கு எளிதாகிறது. ஒரு துணி இந்த மூன்றில் எத்தனையைத் திருப்பி அனுப்பும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடர் சிவப்பு சிவப்பு விளக்குக்கு மட்டும் பதில் சொல்லும். கரும்பச்சை பச்சை விளக்குக்கு மட்டும், அடர் நீலம் நீல விளக்குக்கு மட்டும். வண்ணங்கள் மாறி மாறி வரும் ஒரு பாட்டில், மூன்றில் இரண்டு பங்கு நேரம் இந்தத் துணிகள் கறுத்தே கிடக்கும். வெயிலில் பார்க்கும்போது இவைதான் மிகவும் ஆழமான, விலையுயர்ந்த நிறங்களாகத் தெரியும். அதனால்தான் பலரும் இவற்றைத் தேடி எடுக்கிறார்கள்.

மஞ்சள் அப்படியில்லை. அது சிவப்பையும் பச்சையையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறது. சிவப்பு விளக்கில் சிவப்பாகவும், பச்சை விளக்கில் பச்சையாகவும் பளிச்சென்று நிற்கும். நீலத்தில் மட்டும் தளரும். ராணி பிங்க் சிவப்பையும் நீலத்தையும் அனுப்பும், பச்சையில் மட்டும் தளரும். மயில்கழுத்து நிறத்தில் வெளிர் வகை நீலத்தையும் பச்சையையும் அனுப்பும், சிவப்பில் மட்டும் தளரும். வெள்ளையும் சந்தன நிறமும் மூன்றுக்கும் பதில் சொல்லும்.

வெள்ளைத் துணியின் இந்தக் குணத்தை வைத்தே ஒரு கலை பிறந்தது. அமெரிக்காவில் பிறந்த லோயி ஃபுல்லர் என்ற நடனக் கலைஞர் 1890களில் பாரிஸ் மேடையில் பல கஜம் வெள்ளைப் பட்டைச் சுழற்றி ஆடினார். வண்ண மின்விளக்குகள் மாறும்போதெல்லாம் அந்தப் பட்டு புதுப்புது நிறம் பூண்டது. அவர் உடையை மாற்றவேயில்லை.

ஆனால் பள்ளி மேடைக்குத் தூய வெள்ளையைவிடச் சந்தன நிறமே மேல். முன்னாலிருந்து பலமான வெள்ளை விளக்கு அடிக்கும்போது வெள்ளைத் துணி அளவுக்கு மேல் ஒளிர்ந்து, மடிப்புகளே தெரியாமல் ஒரே தகடாகிவிடும். செல்போனில் படம் எடுக்கும் பெற்றோருக்கு இன்னொரு சிக்கல் வரும். வெள்ளை உடையின் ஒளிக்கு ஏற்ப கேமரா தன்னைக் குறைத்துக்கொள்ள, குழந்தைகளின் முகங்கள் இருண்டுவிடும். கேரளச் சேலையின் அரைவெள்ளையில் இந்தத் தொல்லை குறைவு.

முதலில் திரையைக் கேளுங்கள்

நிறத்தைப் பற்றிப் பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி, பின்திரை என்ன நிறம் என்பது. அரங்கங்களில் பெரும்பாலும் கறுப்பு இருக்கும். பந்தல் மேடைகளில் மெரூன் அல்லது அடர் நீல வெல்வெட் கட்டுவார்கள். இந்தத் திரைகள் எல்லாமே இருண்டவை. உடை அதே அளவு இருண்டதாக இருந்தால், நிறம் வேறாக இருந்தும் பயனில்லை. தூரத்திலிருந்து உருவத்தைப் பிரித்துக் காட்டுவது முதலில் வெளிர்வும் அடர்வும்தான், நிறம் அதற்குப் பிறகே வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கச் செல்போன் போதும். திரையின் படத்தையும் துணியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டால் அந்தத் துணி வேண்டாம். கரும்பச்சைத் தாவணியும் மெரூன் திரையும் இந்தச் சோதனையில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

கறுப்புத் திரையில் இன்னொன்றும் நடக்கும். நம் குழந்தைகளின் கறுத்த கூந்தல் திரையோடு ஒன்றிவிடும். அதனால்தான் தலையைச் சுற்றி வைக்கும் மல்லிகைச் சரம் மேடையில் இவ்வளவு வேலை செய்கிறது. தலை எங்கே முடிகிறது என்று காட்டும் கோடு அது. கறுப்பு ரவிக்கையைத் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உடம்பு மறைந்து, முகமும் கைகளும் மட்டும் தனியாக மிதப்பதுபோல் ஆகிவிடும்.

இப்போது பல பள்ளிகள் பின்னால் எல்.இ.டி. திரை வைத்துப் படம் ஓட்டுகின்றன. அப்போது கணக்கு தலைகீழாகிறது. திரை ஆடுபவர்களைவிடப் பிரகாசமாக எரிந்தால் எந்த நிற உடையும் நிழலாகத்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, அடர் நிறமுள்ள, அதிகம் அசையாத படத்தைப் போடச் சொல்வது ஒன்றே வழி.

ஒரு கும்மிப் பாட்டின் கணக்கு

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு மாணவிகள் பதினாறு பேர், இரண்டு வரிசை, கும்மி. பள்ளி மைதானத்தில் பந்தல் மேடை. மெரூன் வெல்வெட் திரை. மேலே எட்டு எல்.இ.டி. பார் விளக்குகள், பாட்டுக்கு ஏற்ப தானாக நிறம் மாறும்படி வைக்கப்படும். ஆசிரியர் மனதில் இருப்பது அரக்குப் பாவாடை, கரும்பச்சைத் தாவணி, அதே பச்சையில் ரவிக்கை. கிராமியப் பாட்டுக்குப் பொருத்தமான, கண்ணுக்கு நிறைவான சேர்க்கைதான்.

மேடையில் இது என்ன ஆகும்? நீலம் வரும்போது அரக்கும் பச்சையும் சேர்ந்து கறுத்துவிடும். சிவப்பு வரும்போது பாவாடை தெரியும், ஆனால் மெரூன் திரையும் அதே நேரம் சிவந்துவிடுவதால் பாவாடை அதற்குள் கரையும், மேலுடம்பு கறுப்பாகும். பச்சை வரும்போது தாவணி மட்டும் கொஞ்சம் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில்கூட இரண்டும் திரையைப் போலவே அடர்ந்தவை என்பதால் பதினாறு உருவங்களும் பிரிந்து தெரியாது.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பாவாடைகள் ஏற்கெனவே தைத்தாகிவிட்டன என்றால் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவற்றின் அடியில் நான்கு அங்குல அகலத்துக்குச் சந்தன நிறத்தில் சரிகையோடு கரை வைத்துத் தைத்தால், சுற்றும்போது ஒவ்வொரு பாவாடையின் வட்டமும் எந்த விளக்கிலும் தெரியும். தாவணியை மாம்பழ மஞ்சளாக மாற்றலாம். இந்த வயதுப் பிள்ளைக்கு இரண்டு மீட்டர் என்று வைத்தால் முப்பத்திரண்டு மீட்டர் துணி போதும். ரவிக்கைக்கு ராணி பிங்க்.

மீண்டும் விளக்கைப் போட்டுப் பார்ப்போம். சிவப்பில் மஞ்சள், பிங்க், சந்தனம் மூன்றும் எரியும். பச்சையில் மஞ்சளும் சந்தனமும் நிற்கும். நீலத்தில் மஞ்சள் தளரும்போது ரவிக்கையின் பிங்க் ஊதாவாக மாறிக் கைகளை வரைந்து காட்டும், கரை நீலமாக ஒளிரும். கும்மியில் பார்க்க வேண்டியது கைகளையும் வட்டத்தையும்தான். எந்த நொடியிலும் அவற்றில் ஒன்றாவது தெரிந்துகொண்டே இருக்கும். மூன்றில் ஒரே விளக்கில் எல்லா நிறங்களும் சேர்ந்து அணைந்துவிடாதபடி பங்கிட்டு வைப்பதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

இரண்டு வரிசை என்றால் இன்னொரு சிறு யோசனை. முன்னாலிருந்து வரும் விளக்கு பின்வரிசைக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். அவர்களுடைய தாவணி மட்டும் ஒரு படி வெளிர் மஞ்சளாக இருந்தால் அந்தக் குறை நிரம்பும்.

கைபேசியில் ஒரு சோதனை

கடைக்காரரிடம் ஒவ்வொரு துணியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். வீட்டில் இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைபேசித் திரை முழுவதும் தூய சிவப்பு நிறப் படத்தை வைத்து, வெளிச்சத்தை முழுமைக்கு ஏற்றுங்கள். துணியைத் திரைக்கு அரை அடி தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து பச்சை, அதன் பின் நீலம். கைபேசித் திரையும் எல்.இ.டி. விளக்கைப் போலவே இதே மூன்று நிற ஒளிகளால் ஆனது என்பதால், மேடையில் நடக்கப்போவது ஏறக்குறைய அப்படியே தெரியும். திரையின் நிறத்தில் ஒரு துண்டும் கிடைத்தால், அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

துணியைத் தள்ளிப் பிடிக்கக் கூடாது. வெளிச்சம் மிகவும் மங்கினால் நம் கண் சிவப்பை முதலில் இழக்கும், நீலத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். மேடையிலும் இது நடக்கும். சோகக் காட்சிக்காக விளக்குகளை மெல்ல மங்கவைக்கும்போது, சிவப்பு உடைக்காரர்கள்தான் முதலில் மறைவார்கள்.

கரையும் துணி வகையும்

துணியைக் கையில் வைத்துப் பார்க்கும்போது அழகாகத் தெரியும் சிறு வேலைப்பாடு ஐம்பது அடி தூரத்தில் இல்லாமலே போகும். அரை அங்குலத்துக்குக் குறைந்த கரை, கட்டம், புள்ளி எல்லாம் அந்தத் தூரத்தில் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். சிவப்பும் பச்சையும் கலந்த சின்னக் கட்டம் தூரத்தில் மங்கிய பழுப்பாகிவிடும். மதுரைச் சுங்குடியின் நுண்புள்ளிகள் மொத்தச் சேலையையும் ஒரு சாயல் வெளிர்க்கவைப்பதோடு நின்றுவிடும். மேடைக்குக் கரை என்றால் மூன்று, நான்கு அங்குலம் வேண்டும்.

அதை எங்கே வைப்பது என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. பரதநாட்டிய உடையில் முன்னால் வரும் விசிறி மடிப்பு இதற்கு அருமையான உதாரணம். நிற்கும்போது மடங்கியிருக்கும் அது, அரைமண்டியில் கால்கள் விரியும்போது விரிந்து, பட்டையான சரிகையைக் காட்டும். அரைமண்டி எவ்வளவு ஆழம் என்பதைக் கடைசி வரிசைக்கும் சொல்வது அந்தச் சரிகைதான். கைவீச்சு அதிகமுள்ள நடனத்துக்குக் கை விளிம்பிலும், சுற்று அதிகமுள்ளதற்குப் பாவாடை விளிம்பிலும் வெளிர் நிறத்தை வையுங்கள்.

துணி வகையும் நிறத்தை மாற்றும். வெல்வெட் ஒளியை உள்ளே இழுத்துக்கொள்வதால் அதன் நிறம் ஒரு படி இருண்டு தெரியும். சாட்டின் அசையும்போது விளக்கை அப்படியே பிரதிபலிக்கும். அதனால் அடர் நிறமாக இருந்தாலும் மடிப்புகளில் ஒளிக்கோடுகள் ஓடும். பருத்தி எந்தப் பக்கமும் ஒரே சீராகத் தெரியும். நெட் துணி முன் வெளிச்சத்தில் சாதாரணமாக இருக்கும், பின்னாலிருந்து விளக்கு வந்தால் முழுவதும் ஒளிரும். அடர் நிறம் தவிர்க்க முடியாதது என்றால் வெல்வெட்டை விட்டு சாட்டினுக்குப் போவது பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

லைட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியது

எவ்வளவு யோசித்துத் துணி எடுத்தாலும், முகத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்க முடியாது. பச்சை விளக்கு முகத்தில் நேராக விழுந்தால் எந்தக் குழந்தையும் நோயுற்றதுபோல் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து எரித்து உண்டாக்கும் வெள்ளையிலும் நம் மாநிற முகம் இயல்பாக இருக்காது. சந்தன, மஞ்சள் சாயல்களுக்கு வேண்டிய நடு ஒளி அந்தக் கலவையில் குறைவு. இதை விளக்குப் போடுபவரிடம் விழாவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். நடன ஆசிரியர் இவ்வளவு சொன்னால் போதும்:

"அண்ணே, முன்னாடி ரெண்டு பக்கமும் வார்ம் ஒயிட் கடைசி வரைக்கும் எரியட்டும். கலர் எல்லாம் பின்னாடி பாரிலயும் சைடுலயும் மட்டும் போடுங்க. எங்க பாட்டுக்கு ஆட்டோ வேண்டாம், முழுப் பச்சையும் வேண்டாம்."

முன்னால் இளமஞ்சள் வெள்ளை நிலையாக எரிந்தால் உடையின் உண்மை நிறமும் முகமும் எப்போதும் தெரியும். பின்னாலிருந்து வரும் நிறம் தலையையும் தோளையும் சுற்றிக் கோடு போட்டுத் திரையிலிருந்து பிரிக்கும். இப்படி அமைந்துவிட்டால் அரக்கும் அடர் நீலமும்கூடப் பிழைத்துக்கொள்ளும். ஒத்திகையின்போது ஒரே ஒரு குழந்தையை முழு உடையில் நிறுத்தி, ஒவ்வொரு நிறத்தையும் போடச் சொல்லி, கடைசி வரிசை நாற்காலியிலிருந்து பார்த்துவிடுங்கள்.

நிகழ்ச்சி எத்தனையாவது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மைதான மேடையில் மாலை ஐந்தரைக்கு ஆடுபவர்களுக்குப் பகல் வெளிச்சம்தான் விளக்கு. எல்.இ.டி. நிறங்கள் அதில் தெரியவே மாட்டா. அவர்கள் வாசலில் வெயிலில் பார்த்து எடுத்த நிறத்தையே உடுத்தலாம்.

உடை வாடகைக்கு வருகிறது, விளக்கு யார் போடப்போகிறார்கள் என்று தெரியவில்லை, ஒத்திகைக்கும் மேடை கிடைக்காது என்ற நிலையும் பல பள்ளிகளில் உண்டு. அப்போது சந்தன நிறத்தை உடலுக்கும், மாம்பழ மஞ்சளை மேலாக்குக்கும், ராணி பிங்கைக் கைகளுக்கும் கரைக்கும் கேளுங்கள். வாடகைக் கடைகளில் இவை எளிதாகக் கிடைக்கும் நிறங்கள்தான். எந்தத் திரைக்கு முன்னாலும், எந்த விளக்கின் கீழும், இவற்றில் இரண்டாவது தெரிந்துகொண்டிருக்கும்.